நிராகரிக்கவில்லை என்றால் நிரூபித்ததாகுமா? கருதுகோள் சோதனையின் கடைசி வரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு முழுக்கச் சரி, அட்டவணைப் பெறுமானமும் சரி. கடைசி வரிக்கு மட்டும் ஏன் டீச்சர் புள்ளி இல்லை?

கடைசி வரியில் நீங்கள் சொன்னதை உங்கள் கணக்கு சொல்லவில்லை. அதனால்தான். அந்த ஒரு வரியில்தான் எண்கள் ஒரு கூற்றாக மாறுகின்றன. கூற்று பிழையென்றால் மேலே உள்ள கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முடிவுக்குரிய புள்ளி கிடைக்காது.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சிக் கணக்கு ஒன்றை வைத்தே பேசுவோம். எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. ஒரு தோட்டத்தின் 7ஆம் நம்பர் மலையில், ஒரு நாளில் ஆளொருவர் பறிக்கும் கொழுந்தின் இடை 18 கிலோ என்று நிர்வாகம் கூறுகிறது. எழுமாறாகத் தெரிவுசெய்த 9 பேரின் கொழுந்தை மடுவத்தில் நிறுத்தபோது கிடைத்த நிறைகள்: 20.4, 13.2, 19.2, 14.4, 19.2, 15.6, 15.6, 16.8, 16.8 கிலோ. நிர்வாகத்தின் கூற்றை 5% பொருண்மை மட்டத்தில் சோதிக்க வேண்டும்.

சூனியக் கருதுகோள் μ = 18, மாற்றுக் கருதுகோள் μ ≠ 18. மாதிரி இடை 16.8, மாதிரி நியம விலகல் 2.4. நியம வழு 2.4/√9 = 0.8. ஆகவே,

t = (16.8 − 18) / 0.8 = −1.5

சுயாதீனப் படி 8. இருவால் சோதனைக்கு அவதிப் பெறுமானம் 2.306. நமது −1.5 இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் விழுகிறது. ஆகவே சூனியக் கருதுகோளை நிராகரிக்க முடியாது. இதுவரை எல்லோரும் சரியாகவே வருகிறார்கள். அடுத்த வரியில்தான் பலர் இப்படி எழுதுகிறார்கள்: “ஆகவே ஆளொருவர் பறிக்கும் கொழுந்தின் இடை 18 கிலோ என்பது நிரூபணமாகிறது.” சிலர் “நிர்வாகத்தின் கூற்று உண்மை” என்று சுருக்கமாக முடிக்கிறார்கள். இரண்டும் ஒரே பிழை. 9 பேரின் மாதிரி 18 கிலோவுக்கு எதிராகப் போதிய சான்று தரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. 18 கிலோவுக்குச் சார்பாக எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

பெறுமானம் ஏற்பு வலயத்துக்குள் விழுந்துவிட்டதே. அப்படியென்றால் 18 கிலோ சரி என்றுதானே அர்த்தம்?

அதே 9 நிறைகளை வைத்துக்கொண்டு வேறொரு கூற்றைச் சோதித்துப் பாருங்கள். தொழிற்சங்கத் தலைவர் ஒருவர், “இந்த மலையில் புல் மண்டிக்கிடக்கிறது, ஆளொருவரால் சராசரியாக 15 கிலோதான் பறிக்க முடியும்” என்று சொல்வதாக வைப்போம். இப்போது சூனியக் கருதுகோள் μ = 15.

t = (16.8 − 15) / 0.8 = 2.25

2.25 என்பது 2.306ஐ விடச் சிறியது. இதையும் நிராகரிக்க முடியாது.

உங்கள் கடைசி வரியை இங்கேயும் எழுதினால் என்ன ஆகும்? காலையில் 18 கிலோ நிரூபணமானது, மாலையில் அதே மாதிரியால் 15 கிலோவும் நிரூபணமானது. ஒரு மலைக்கு ஓர் இடைதான் இருக்க முடியும். இரண்டும் உண்மையாக இருக்கவே முடியாது. ஆனால் இரண்டையும் நிராகரிக்காமல் விடுவதில் எந்த முரணும் இல்லை. 16 கிலோவைச் சோதித்தாலும் தப்பிவிடும், 17 கிலோவும் தப்பிவிடும். தப்பும் பெறுமானங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அதுதான் 95% நம்பிக்கை ஆயிடை:

16.8 ± 2.306 × 0.8, அதாவது ஏறத்தாழ 14.96 கிலோவிலிருந்து 18.64 கிலோ வரை.

இந்த ஆயிடைக்குள் இருக்கும் எந்தப் பெறுமானத்தைச் சூனியக் கருதுகோளாக எடுத்தாலும் இந்த மாதிரியால் அதை நிராகரிக்க முடியாது. 18க்கு இதில் தனிச் சிறப்பு ஒன்றுமில்லை. நிர்வாகம் முதலில் சொன்ன எண் என்பதால் அது சூனியக் கருதுகோளில் உட்கார்ந்தது, அவ்வளவே. உண்மையில் 18ஐ விட 16.5 கிலோ இந்த மாதிரிக்கு நன்றாகப் பொருந்துகிறது.

இதை நான் வெறும் பரீட்சை நுணுக்கமாகப் பார்க்கவில்லை. நம் ஊரில் நாளுக்குரிய கிலோ எட்டாவிட்டால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். 9 பேரை நிறுத்துப் பார்த்துவிட்டு “18 கிலோ சராசரி என்று புள்ளிவிபரவியல் நிரூபித்துவிட்டது” என்று ஓர் அறிக்கை எழுதப்பட்டால், அந்த வரியின் சுமை கூடை தூக்குகிறவரின் சம்பளத்தில் விழும். அந்த வரியை எழுதுகிறவர் நாளைக்கு நீங்களாக இருக்கலாம்.

p பெறுமானம் 0.172 என்று வருகிறது. 5% ஐ விட இவ்வளவு கூட இருப்பதால் சூனியக் கருதுகோள் உண்மை என்பதற்கு நல்ல ஆதாரம் என்று எழுதலாமா?

எழுத முடியாது. p பெறுமானத்தைக் கணிக்கும்போதே இடை 18 கிலோ என்று நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். அந்த எடுகோளின் கீழ், 9 பேரின் மாதிரி இடை 18இலிருந்து இவ்வளவு தூரம் அல்லது இதைவிடக் கூடிய தூரம் விலகிப்போவதற்கான நிகழ்தகவு 0.172. அதாவது அப்படிப்பட்ட விலகல் அபூர்வமானதல்ல. 18 கிலோ உண்மை என்பதற்கான நிகழ்தகவு 17% என்று இதை வாசிப்பதும் பிழை, 83% என்று திருப்பிப்போட்டு வாசிப்பதும் பிழை. உண்மை என்று முதலில் வைத்துக்கொண்டு பெற்ற எண்ணிலிருந்து, அது எந்த அளவுக்கு உண்மை என்பதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மாதிரியைப் பெரிதாக்கினால் சூனியக் கருதுகோள் உண்மையா இல்லையா என்று தெரிந்துவிடுமா?

முதலில் சிறிய மாதிரி என்ன செய்கிறது என்று பார்ப்போம். மலையின் உண்மையான இடை 17 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நிர்வாகத்தின் கூற்று உண்மையிலேயே பிழை, ஆளுக்கு ஒரு கிலோ கூடச் சொல்லப்பட்டிருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, குடித்தொகையின் நியம விலகல் 2.4 என்று தெரியும் என்று எடுத்து, அவதிப் பெறுமானமாக 1.96ஐப் பயன்படுத்துவோம். 9 பேர் கொண்ட மாதிரியால் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எவ்வளவு வாய்ப்பு?

உண்மையான இடைக்கும் கூற்றுக்கும் உள்ள வித்தியாசம் 1 கிலோ, நியம வழு 0.8. ஆகவே சோதனைப் பெறுமானம் −1.25ஐ மையமாக வைத்துத்தான் பரந்திருக்கும். அது −1.96க்குக் கீழே போக வேண்டுமென்றால் இன்னும் 0.71 கீழே விழ வேண்டும். நியமச் செவ்வன் அட்டவணையில் அதற்குரிய நிகழ்தகவு ஏறத்தாழ 0.24. மறுபக்க எல்லையைத் தாண்டும் வாய்ப்பு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது.

இதுதான் சோதனையின் வலு. கூற்று பிழையாக இருந்தும், நூறு மாதிரிகள் எடுத்தால் ஏறத்தாழ 76 மாதிரிகளில் நாம் “நிராகரிக்க முடியாது” என்றுதான் எழுதுவோம். அந்த 76 விடைத்தாள்களிலும் “18 கிலோ நிரூபணமாகிறது” என்று எழுதியிருந்தால் 76உம் பொய். பாடத்தில் இரண்டாம் வகை வழு என்று படித்தது இதுவே. முதலாம் வகை வழுவை நாம் 5% என்று முன்கூட்டியே கட்டிவைக்கிறோம். இரண்டாம் வகை வழுவை யாரும் கட்டிவைக்கவில்லை. மாதிரியின் அளவு, நியம விலகல், உண்மையான வித்தியாசம் மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் நிராகரிக்காத முடிவை நம்பி அதிக தூரம் போக முடியாது.

அதே மாதிரி இடை 16.8, அதே நியம விலகல் 2.4, ஆனால் 36 பேர் என்றால் நியம வழு 0.4 ஆகிறது. t = −3. சுயாதீனப் படி 35க்கு அவதிப் பெறுமானம் ஏறத்தாழ 2.03. இப்போது 18 கிலோ நிராகரிக்கப்படுகிறது. மலை மாறவில்லை, மாதிரி இடையும் மாறவில்லை, ஆள் எண்ணிக்கை மட்டும் கூடியது. 9 பேரோடு “நிரூபணமான” ஒன்று 36 பேரோடு கவிழ்கிறதென்றால், முதலில் அது நிரூபணமாகவே இருக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாதிரி பெரிதாகும்போது ஆயிடை சுருங்கும். 18இலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பது தெளிவாகும். ஆனால் சரியாக 18.000 என்ற ஒற்றைப் புள்ளிக்கு எந்த மாதிரியும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஒரு கிலோ வித்தியாசம் இருந்தால் அதை 80% வாய்ப்போடு பிடிக்க வேண்டும் என்று தீர்மானித்தால், மேற்சொன்ன எளிய கணக்கின்படி ((1.96 + 0.84) × 2.4 / 1)² = 45.2. அதாவது 46 பேர் தேவை. ஆய்வுக்குப் போகுமுன் செய்ய வேண்டிய கணக்கு இது.

எங்கள் நோட்ஸில் “H₀ ஏற்றுக்கொள்ளப்படுகிறது” என்றே இருக்கிறது. புத்தகமே பிழையா?

பிழை என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சொற்றொடருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1933இல் புள்ளிவிபரவியலாளர்களான நெய்மனும் ஈகன் பியர்சனும் சோதனையை ஒரு தீர்மான விதியாக வகுத்தார்கள். தொழிற்சாலையில் ஒரு தொகுதித் தேயிலையை அனுப்புவதா, நிறுத்திவைப்பதா என்பதுபோல இரண்டில் ஒரு செயலைத் தெரிவுசெய்ய வேண்டிய இடத்தில், “ஏற்றுக்கொள்” என்பது “அது உண்மையாக இருப்பதுபோல நடந்துகொள்” என்ற கட்டளை. தனித்த ஒரு கருதுகோள் உண்மையா என்று தெரிந்துவிட்டதாக அவர்களும் சொல்லவில்லை. நீண்ட ஓட்டத்தில் பிழைகள் அதிகமாகாமல் நடந்துகொள்வதற்கான விதியாகவே அதை முன்வைத்தார்கள்.

மறுபக்கம் இன்னொரு புள்ளிவிபரவியலாளரான பிஷர். சூனியக் கருதுகோள் ஒருபோதும் நிரூபிக்கப்படுவதில்லை, பரிசோதனையில் அது பொய்ப்பிக்கப்பட மட்டுமே கூடும் என்று 1935இல் எழுதினார். அவர் அதே இடத்தில் விளக்கிய பரிசோதனை தேநீர்ப் பரிசோதனைதான் என்பது தேயிலை நாட்டில் இருக்கும் நமக்கு மறக்கக் கூடாத தகவல். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் அவரோடு பணியாற்றிய மியூரியல் பிறிஸ்டல், கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். பரிசோதனைக்கு 8 கோப்பைகள், ஒவ்வொரு விதத்திலும் 4. எட்டிலிருந்து நான்கைத் தெரிய 70 வழிகள் உண்டு. ஒன்றும் தெரியாமல் ஊகித்தே நான்கையும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 1/70.

நம் விடயத்துக்கு வேண்டியது, ஒருவர் நான்கில் மூன்றை மட்டும் சரியாகச் சொன்னால் என்ன என்பது. மூன்று சரியாக வரும் வழிகள் 16, நான்கும் சரியாக வரும் வழி 1. ஆகவே வெறும் ஊகத்தால் குறைந்தது மூன்றேனும் சரியாக வருவதற்கான நிகழ்தகவு 17/70, ஏறத்தாழ 0.24. “இவர் ஊகிக்கிறார்” என்ற சூனியக் கருதுகோளை நிராகரிக்க முடியாது. அதற்காக இவருக்குச் சுவை பிரித்தறியத் தெரியாது என்று நிரூபணமாகிவிட்டதா? நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னவரைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கும் மனம் வராது. எட்டே கோப்பைகளில், ஒரு பிழை விட்டாலே நிராகரிக்க முடியாமல் போகும்படி அந்தப் பரிசோதனை அமைந்திருக்கிறது.

ஆகவே நோட்ஸில் “ஏற்றுக்கொள்ளப்படுகிறது” என்று இருந்தால் அதை “நிராகரிக்கப்படவில்லை” என்று வாசியுங்கள். விடைத்தாளில் எழுதும்போது பின்னதையே எழுதுங்கள். முதலாவது சொல் அதற்கு அடுத்த வரியில் “எனவே உண்மை” என்று உங்களை இழுத்துக்கொண்டு போகிறது. நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

நிராகரிக்கும்போது மட்டும் “இடை 18 கிலோ அல்ல” என்று தைரியமாக எழுதுகிறோமே. ஒரு பக்கம் மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

இரண்டு கூற்றுகளின் வடிவமும் வேறு. μ = 18 என்பது ஒற்றைப் புள்ளி. μ ≠ 18 என்பது அந்தப் புள்ளியைத் தவிர்ந்த எல்லாம். 36 பேரின் மாதிரியில் ஆயிடை ஏறத்தாழ 15.99 முதல் 17.61 வரை வந்தது. அது முழுவதும் 18க்குக் கீழே. ஆயிடைக்குள் எந்த எண் உண்மையாக இருந்தாலும் “18 அல்ல” என்பது சரியாகவே இருக்கும். 9 பேரின் ஆயிடையிலோ 18 என்பது பல எண்களில் ஒன்று. அவற்றில் அந்த ஒன்றை மட்டும் பிடித்து இதுதான் என்று சொல்ல மாதிரி எந்தக் காரணமும் தரவில்லை.

இருந்தாலும் நிராகரிக்கும் பக்கத்திலும் “நிரூபணம்” என்ற சொல்லைத் தவிர்ப்பதே நல்லது. 18 உண்மையாக இருந்தும் நூற்றுக்கு ஐந்து மாதிரிகள் அதை நிராகரிக்கும்படிதான் 5% மட்டத்தை நாமே வைத்தோம். “இடை 18 கிலோவிலிருந்து வேறுபடுகிறது என்பதற்குப் போதிய சான்று உண்டு” என்று எழுதினால் போதும்.

R இல் செய்தபோது “true mean is not equal to 18” என்று வந்தது. அதை முடிவாக எழுதினேன், பிழை என்கிறார்கள். கணினி சொன்னது எப்படிப் பிழையாகும்?

நீங்கள் கொடுத்திருக்கக்கூடிய கட்டளை இது:

```
x <- c(20.4, 13.2, 19.2, 14.4, 19.2, 15.6, 15.6, 16.8, 16.8)
t.test(x, mu = 18)
```

வெளியீட்டில் `t = -1.5, df = 8, p-value = 0.172` என்ற வரிக்குக் கீழே `alternative hypothesis: true mean is not equal to 18` என்று வரும். நீங்கள் எந்த மாற்றுக் கருதுகோளோடு சோதித்தீர்கள் என்பதை மென்பொருள் அங்கே நினைவூட்டுகிறது. p என்னவாக வந்தாலும் அந்த வரி அப்படியேதான் இருக்கும். முடிவை R எழுதுவதில்லை, நீங்கள்தான் எழுத வேண்டும். அதற்கும் கீழே நம்பிக்கை ஆயிடை இருக்கிறது. பலர் அதைப் பார்க்காமலே மூடிவிடுகிறார்கள். வெளியீட்டில் எனக்கு மிகவும் பயன்படும் வரி அதுதான்.

சரி, அப்படியென்றால் கடைசி வரியை எப்படித்தான் எழுதுவது?

நம் கணக்குக்கு நான் எழுதுவது இப்படி:

“|t| = 1.5 < 2.306. ஆகவே 5% பொருண்மை மட்டத்தில் சூனியக் கருதுகோளை நிராகரிக்க முடியாது. 7ஆம் நம்பர் மலையில் ஆளொருவர் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்தின் இடை 18 கிலோவிலிருந்து வேறுபடுகிறது என்று கூறுவதற்கு இம்மாதிரி போதிய சான்று தரவில்லை.”

முதல் வாக்கியம் கணிதத் தீர்மானம், அடுத்தது மலைக்குத் திரும்பி அதன் பொருளைச் சொல்வது. இரண்டாவதை விட்டுவிடுகிறவர்களுக்கும் புள்ளி போகலாம், கேள்வி கொழுந்தைப் பற்றியது என்பதால். இடமிருந்தால் ஆயிடையையும் சேருங்கள்: “இடை 14.96 கிலோவுக்கும் 18.64 கிலோவுக்கும் இடையில் இருக்கலாம்.” வாசிப்பவருக்கு மாதிரி எவ்வளவு மங்கலானது என்பது உடனே புரியும்.

பிழையைத் திருத்திக்கொள்ளப் போய் வேறொரு குழியில் விழுகிறவர்களும் உண்டு. “சூனியக் கருதுகோள் உண்மை என்று கூறப் போதிய சான்று இல்லை” என்று எழுதுகிறார்கள். இதில் தன்னடக்கம் தெரிகிறது, ஆனால் சோதித்த பக்கம் மாறிவிட்டது. சோதனை தேடியது 18க்கு எதிரான சான்றை. கிடைக்காமல் போனதும் அதுவே. இந்த வாக்கியத்தை 36 பேரின் மாதிரிக்கு எழுதினாலும் பொருந்திவிடும், அதனால் எந்தத் தீர்மானம் எடுக்கப்பட்டது என்றே தெரியாமல் போகிறது. உங்கள் வாக்கியத்தில் “போதிய சான்று இல்லை” என்பதற்கு முன்னால் இருக்க வேண்டியது மாற்றுக் கருதுகோளின் உள்ளடக்கம். எழுதிவிட்டு அதை மட்டும் சரிபாருங்கள்.

இரண்டு உரக் கலவைகளுக்கும் விளைச்சலில் வித்தியாசமில்லை என்று ஆய்வறிக்கையில் எழுதினேன், மேற்பார்வையாளர் வெட்டிவிட்டார். சமம் என்று காட்ட வழியே இல்லையா?

வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் செய்த சோதனை அதற்கானது அல்ல. “வித்தியாசம் உண்டா” என்று கேட்கும் சோதனையில் விடை கிடைக்காததை “வித்தியாசம் இல்லை” என்ற விடையாக எடுத்துவிட்டீர்கள். அதை நம்பி ஒரு சிறுதோட்ட உரிமையாளர் மலிவான கலவைக்கு மாறி, அது உண்மையில் விளைச்சலைக் குறைப்பதாக இருந்தால், நட்டம் அவருக்கு. வித்தியாசம் இருந்தது, சில பாத்திகளை மட்டும் வைத்துப் பார்த்ததால் உங்கள் கண்ணில் படவில்லை.

சமம் என்று காட்ட, எவ்வளவு வித்தியாசம் வரை பொருட்டல்ல என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். தரவைப் பார்க்கும் முன்பே. பிறகு கருதுகோள்களை இடம்மாற்ற வேண்டும்: வித்தியாசம் அந்த எல்லையைத் தாண்டுகிறது என்பது சூனியக் கருதுகோள், எல்லைக்குள் இருக்கிறது என்பது மாற்றுக் கருதுகோள். இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு ஒருவால் சோதனை. இதற்குச் சமவலுச் சோதனை என்று பெயர். 5% மட்டத்தில் செய்வதென்றால் 90% நம்பிக்கை ஆயிடை முழுவதும் எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்த்தாலே போதும்.

கொழுந்துக் கணக்கிலேயே செய்து பார்ப்போம். 18 கிலோவிலிருந்து அரைக் கிலோ அங்கிங்கு போனால் பரவாயில்லை என்று வைத்தால் எல்லை 17.5 முதல் 18.5 வரை. 9 பேரின் மாதிரிக்கு 90% ஆயிடை 16.8 ± 1.860 × 0.8, அதாவது 15.31 முதல் 18.29 வரை. பெரும்பகுதி எல்லைக்கு வெளியே கிடக்கிறது. சமம் என்று காட்டப்படவில்லை.

இப்போது 144 பேரை நிறுத்து, இடை 17.9, நியம விலகல் 2.4 என்று வந்ததாக வையுங்கள். நியம வழு 0.2. t = −0.5, வழக்கமான சோதனையில் நிராகரிக்க முடியாது. 90% ஆயிடை ஏறத்தாழ 17.57 முதல் 18.23 வரை. முழுவதும் எல்லைக்குள். இங்கே “இடை 18 கிலோவிலிருந்து அரைக் கிலோவுக்கு மேல் விலகவில்லை என்பதற்குப் போதிய சான்று உண்டு” என்று எழுதும் உரிமை உங்களுக்குக் கிடைக்கிறது. இரண்டு மாதிரிகளிலும் வழக்கமான சோதனை “நிராகரிக்க முடியாது” என்றே சொன்னது. ஒன்றில் நமக்கு எதுவும் தெரியாது, மற்றதில் நிறையத் தெரியும். அந்த வேறுபாட்டைக் காட்டியது ஆயிடை.

உரத்துக்கு அந்த எல்லை எவ்வளவாக இருக்க வேண்டும் என்பது புள்ளிவிபரவியல் கேள்வி அல்ல. மலிவான கலவையால் மிச்சமாகும் பணத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து ஈடாகும் என்று பயிர் வைத்திருப்பவரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். இப்போதைக்கு, சேகரித்த தரவை வைத்து வித்தியாசத்தின் ஆயிடையைக் கணித்து அறிக்கையில் போடுங்கள். மேற்பார்வையாளர் அதை வெட்டமாட்டார்.

தரவு செவ்வன் பரம்பலா என்று ஷபிரோ–வில்க் சோதனை செய்தேன், p > 0.05. “தரவு செவ்வன் பரம்பலுடையது என்று நிறுவப்பட்டது” என்று எழுதலாமா?

இதுவும் அதே பிழைதான், இடம் மட்டும் வேறு. 9 நிறைகளை வைத்துச் செவ்வன் தன்மையைச் சோதித்தால், கணிசமாகக் கோணலான பரம்பல்கூடப் பெரும்பாலும் தப்பிவிடும். “செவ்வன் தன்மையிலிருந்து விலகுவதற்கான சான்று காணப்படவில்லை” என்று எழுதி, புள்ளிகளை ஒரு வரைபில் போட்டுக் காட்டுங்கள். இரண்டு குழுக்களின் மாறற்றிறன் சமமா என்று பார்க்கும் சோதனைக்கும் இதே பேச்சுதான்.

நான் பாடசாலையில் கற்பிக்கிறேன். பிள்ளை “H₀ ஏற்கப்படுகிறது” என்று மட்டும் எழுதியிருந்தால் புள்ளி வெட்டுவதா?

புள்ளித் திட்டம் உங்கள் கையில் இருந்தால், அந்தச் சொற்றொடருக்காக மட்டும் நான் வெட்டமாட்டேன். பிள்ளை படித்த நோட்ஸில் அப்படி இருந்திருக்கலாம், அதற்குத் தீர்மானம் என்ற பொருளும் உண்டு. அதற்கு அடுத்த வாக்கியத்தைப் பார்ப்பேன். “ஆகவே இடை வேறுபடுகிறது என்று கூறப் போதிய சான்று இல்லை” என்று தொடர்ந்தால் முழுப் புள்ளி. “ஆகவே இடை 18 கிலோ ஆகும்” என்று தொடர்ந்தால் முடிவுக்குரிய புள்ளி இல்லை, கணிப்புக்குரியவை அப்படியே இருக்கும். அடுத்த வாக்கியமே இல்லையென்றால் சூழமைவுக்குரிய புள்ளியை மட்டும் குறைத்து, ஓரத்தில் “இதே மாதிரியால் μ = 15 ஐயும் சோதித்துப் பார்” என்று எழுதிக் கொடுப்பேன். t = 2.25 என்று வந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே தாளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.